'ப'வுக்கு பஸ் வேண்டாம்னு சொன்னா நான் வெறியனா?

நேற்று குழுவில் நடந்ததைப் பார்த்தவர்களுக்கு விளக்கம் தேவையில்லை. வெளிநாட்டுப் பிள்ளைகளின் வார இறுதித் தமிழ்ப் பள்ளிக்கான ஸ்லைடுகளைப் போட்டு "கருத்து சொல்லுங்க" என்றார்கள், சொன்னேன். 'ப'வுக்கு பஸ், பலூன், பட்டன் என்று மூன்று படம். மாற்றுங்கள் என்றேன். உடனே தனித்தமிழ் வெறியன் ஆகிவிட்டேன்!

ஐயா, ஆங்கிலச் சொல் என்பதற்காகச் சொல்லவில்லை. பென்சில், பேப்பர் வந்திருந்தால் வாயே திறந்திருக்க மாட்டேன். ஒலிதான் பிரச்சினை. தொண்டையில் விரல் வைத்து பஸ் என்று சொல்லிப் பாருங்கள், உதடு திறக்கும் முன்பே அதிரும். பல் என்று சொல்லுங்கள், அந்த முன் அதிர்வு இருக்காது. முதல் ஸ்லைடிலேயே அதிர்கிற ஒலியைக் கொடுத்துவிட்டால் பிள்ளை பல், பழம், பனை எல்லாவற்றையும் அப்படித்தான் வாசிக்கும்.

"நம்ம ஊர்ப் பிள்ளைகள் பஸ் படம் பார்த்துப் படிக்கலையா" என்கிறார்கள். படித்தார்கள். தக்கலைப் பக்கம் ஒன்றாம் வகுப்பு எடுத்தவன் நான், எனக்குத் தெரியாதா? அவர்கள் வாயில் தமிழோடு வந்தவர்கள். வெளிநாட்டில் பல பிள்ளைகளுக்கு எழுத்தைப் பார்த்துத்தான் ஒலியே வருகிறது. போதாததற்கு, ஆங்கிலத்தில் சொல் முதலில் வரும் 'ப' காற்றை ஊதிக்கொண்டு வரும். நம் 'ப' ஊதாது, அதனால் அந்தக் காதுக்கு அது ஏற்கெனவே பஸ்ஸின் ஒலி போலத்தான் கேட்கும். அதற்கு மேல் பஸ் படமும் வைத்தால்?

விடுமுறைக்கு வந்த அக்கா மகளின் பையன் பாம்பு என்ற சொல்லில் வரும் 'பா', 'பு' இரண்டையும் ஒரே மாதிரி அதிர வைத்தான். "மாமா, இவனுக்கு வரவே மாட்டேங்குது" என்று அவளுக்குக் கவலை. ஸ்பூன் சொல்லுடா என்றேன். ஆங்கிலத்திலும் 'ஸ்'ஸுக்குப் பின்னால் வரும் 'ப' ஊதாது. 'ஸ்'ஸை விழுங்கிவிட்டுச் சொல் என்றேன், பூன் வந்தது, அப்படியே பூனை. அப்புறம் பாம்பு. முதல் எழுத்து அதிராது, 'ம்'முக்குப் பின் வருவது தானாக அதிரும். ஒரு படத்தில் இரண்டு பாடம், இதை விட்டுவிட்டு பட்டனாம்!

பூமி, பயம் எல்லாம் நாமே அதிர்த்துத்தானே சொல்கிறோம் என்றார் ஒருவர். சரி, உண்மைதான். அதையெல்லாம் எழுத்து பழகிய பிறகு தனி ஸ்லைடில் வையுங்கள், பஸ்ஸையும் அங்கேயே நிறுத்துங்கள்.

ஆனால் "கன்னியாகுமரிக்காரர் மலையாளத் தமிழை வைத்துக்கொண்டு பாடம் எடுக்கிறார்" என்று ஒரு சிரிப்பு பொம்மை, அதற்கு நாற்பது லைக். 1956 நவம்பர் 1 அன்று தமிழ்நாட்டோடு சேர்ந்த மாவட்டம் இது, அதற்காகப் போராடியவர்கள் துப்பாக்கிச் சூட்டில் செத்திருக்கிறார்கள். இன்னும் நாங்கள் சான்றிதழ் காட்ட வேண்டுமோ? மலையாளம் பக்கத்தில் இருப்பதால்தான் இது எனக்குச் சட்டென்று உறைத்தது. அங்கே இரண்டு ஒலிக்கும் இரண்டு எழுத்து, பஸ் படம் வைத்தால் குழப்பமே இல்லை. நமக்கு ஒன்றுதான்.

"டிசைன் முடிஞ்சாச்சு, இனி மாத்த முடியாது" என்பது கடைசி பதில். ஸ்லைடுதானே, கல்வெட்டா? பனைமரப் படம் வேண்டுமென்றால் உள்பெட்டிக்கு வாருங்கள், எங்கள் வீட்டுப் பின்னால் நிற்கிறது, எடுத்து அனுப்புகிறேன். சிரிப்பு பொம்மை போட்டவர் மட்டும் வர வேண்டாம்.