தொலைபேசிப் பேட்டியும் அந்த இரண்டு விநாடி மௌனமும்

ஆய்வுக்காகப் பேட்டி எடுப்பவர்களிடம் ஒரு நம்பிக்கை ஊறிப்போயிருக்கிறது. நேரில் எடுத்தால் ஆழம், வீடியோவில் கொஞ்சம் குறைவு, தொலைபேசி என்றால் மேலோட்டம்தான். இந்த வரிசையை நான் ஏற்கவில்லை. தொலைபேசியில் இழப்பு உண்டு. ஆனால் அதில் பெரும்பகுதி கருவியால் வருவதில்லை, பேட்டி எடுப்பவர் தன்னையறியாமல் மாறிவிடுவதால் வருகிறது.

2004இல் ஸ்டர்ஜஸ், ஹன்ரஹன் என்ற இரு ஆய்வாளர்கள் ஓர் ஒப்பீட்டை வெளியிட்டார்கள். சிறைக்கைதிகளைப் பார்க்க வருபவர்கள், சிறைக் காவலர்கள் எனப் பலரில் சிலரை நேரிலும் சிலரைத் தொலைபேசியிலும் பேட்டி எடுத்திருந்தார்கள். எழுத்துப்படிகளை ஒப்பிட்டபோது பெரிய வித்தியாசம் தெரியவில்லை. 2013இல் இர்வின், ட்ரூ, செய்ன்ஸ்பரி மூவரும் இன்னும் நுணுக்கமாகப் பார்த்தார்கள். பேட்டிகள் குறைவுதான், ஆனால் பேச்சை வரிவரியாகப் பிரித்துப் பார்த்த வேலை. தொலைபேசியில் பேட்டி சுருக்கமாக முடிந்தது. பேட்டி எடுப்பவர் ம் கொட்டுவது குறைந்தது. பதில் சொல்பவர்களோ, கேட்டதற்குச் சரியாகத்தான் பதில் சொல்கிறோமா என்று அடிக்கடி உறுதிப்படுத்திக்கொண்டார்கள். இவை ஒன்றோடொன்று தொடர்புடையவை என்றே நினைக்கிறேன். நேரில் தலையசைத்தே பழகியவர் தொலைபேசியிலும் தலையைத்தான் அசைக்கிறார். எதிர்முனைக்கு அது போய்ச் சேராது. நாம் கேட்டுக்கொண்டிருக்கிறோமா என்றே தெரியாதவர் எப்படி மனம்விட்டுப் பேசுவார்?

பயிற்சி வகுப்புகளில் நான் காட்டும் மாதிரி ஒன்று. நோயுற்ற தாயைப் பார்த்துக்கொள்ள வேலையை விட்ட ஒரு பெண்ணிடம் காரணம் கேட்கிறோம். "அம்மாவப் பாத்துக்க வேற ஆள் இல்லீங்க" என்கிறார். இரண்டு விநாடி மௌனம். நேரில் என்றால் அவர் பார்வை தாழ்வது தெரியும், இன்னும் ஏதோ வரப்போகிறது என்று காத்திருப்போம். "அண்ணன் இருந்தாரு. ஆனா..." என்று தொடங்குவார். ஆய்வுக்குத் தேவையான விஷயமே அந்த அண்ணன்தான். தொலைபேசியில் அதே இரண்டு விநாடி, லைன் போய்விட்டதோ என்ற பதற்றத்தைத் தருகிறது. "சரிங்க, எந்த வருஷம் வேலைய விட்டீங்க?" என்று அடுத்த கேள்விக்குத் தாவிவிடுகிறோம். எழுத்துப்படியில் ஒழுங்கான கேள்வி, ஒழுங்கான பதில். அண்ணன் மட்டும் இல்லை.

இதைக் கண்டுபிடிக்க எழுத்துப்படி போதாது, ஒலிப்பதிவைக் கேட்க வேண்டும். பதில் முடிந்து அடுத்த கேள்வி வருவதற்குள் எவ்வளவு இடைவெளி விட்டிருக்கிறோம் என்று கவனித்தாலே புரிந்துவிடும். தீர்வும் எளிதுதான். தலையசைப்பைக் குரலாக மாற்ற வேண்டும். மௌனம் வந்தால், "இருக்கேங்க, மெதுவா யோசிச்சுச் சொல்லுங்க" என்று சொல்லிவிட்டுக் காத்திருக்க வேண்டும்.

முகம் தெரிகிறதே, வீடியோ மேல்தானே என்று கேட்பார்கள். முகம் தெரிவதில் பலன் உண்டு. ஆனால் நேர்ப்பேச்சில் ஒருவர் முடித்ததும் மற்றவர் தொடங்க எடுத்துக்கொள்ளும் நேரம் சராசரியாக ஒரு விநாடியில் ஐந்தில் ஒரு பங்குதான். பத்து மொழிகளை ஒப்பிட்ட 2009ஆம் ஆண்டு ஆய்வில் மொழிக்கு மொழி கொஞ்சம் மாறினாலும், எல்லா மொழிகளிலும் சராசரி அரை விநாடிக்குள்ளேயே இருந்தது. இணையம் அதே அளவு தாமதத்தைச் சேர்த்தாலே போதும், நாம் சொல்லும் "ம்" அவருடைய அடுத்த வாக்கியத்தின் மேல் போய் விழும். அவர் நிறுத்துவார், "சொல்லுங்க சொல்லுங்க" என்போம், கதை அறுந்துவிடும். இணைப்பு தடுமாறும் இடத்தில் தெளிவான தொலைபேசி அழைப்பையே நான் தேர்ந்தெடுப்பேன்.

எந்தத் திறமையாலும் ஈடுகட்ட முடியாத இழப்பும் ஒன்று இருக்கிறது: பக்கத்தில் யார் இருக்கிறார்கள் என்பது நமக்குத் தெரியாது. நேரில் என்றால் மாமியார் உள்ளே வந்தது தெரியும், பேச்சை மாற்றிவிடலாம். தொலைபேசியில் பதில்கள் திடீரென்று "ஆமாங்க", "இல்லீங்க" என்று சுருங்குவதுதான் ஒரே அடையாளம். வீடியோவிலும் திரைக்கு வெளியே இருப்பவர் தெரியமாட்டார். "தனியா இருக்கீங்களா?" என்று தொடக்கத்தில் ஒருமுறை கேட்பது போதாது, நடுவில் ஆள் வரலாம். யாராவது வந்தால் பதில் சொல்பவர் நம்மிடம் சொல்ல வேண்டிய ஒரு சாதாரண வாக்கியத்தை முன்கூட்டியே பேசி வைத்துக்கொள்ள வேண்டும். "அப்புறம் பேசலாங்க" என்பதே போதும். வீட்டு வன்முறை போன்ற விஷயமென்றால் இந்த ஏற்பாடு இல்லாமல் கேள்வியைத் தொடங்கவே கூடாது. அங்கே தரவின் தரத்தைவிட அவருடைய பாதுகாப்புதான் முக்கியம்.

ஆய்வறிக்கைகளில் எனக்கு உண்மையிலேயே கோபம் வரவைப்பது வேறொன்று. மேலாளர்களை வீடியோவிலும் தொழிலாளர்களை நேரிலும் பேட்டி எடுத்துவிட்டு, "மேலாளர்கள் எச்சரிக்கையாகப் பேசினார்கள்" என்று எழுதுவது. அந்த எச்சரிக்கை பதவியால் வந்ததா, வீடியோவால் வந்ததா? அந்தத் தரவை வைத்து யாராலும் சொல்ல முடியாது. இரண்டு தரப்பிலும் சிலரை நேரிலும் சிலரை வீடியோவிலும் பார்த்திருந்தால் ஓரளவாவது பிரித்தறியலாம். அதற்கு வழியில்லையென்றால், அந்த ஒப்பீட்டை அறிக்கையிலிருந்து எடுத்துவிடுவதுதான் நேர்மை.