அந்த மூன்று வரிகளும் அவன் எழுதியவையா?

ஒரு சிப்பாய் வீட்டுக்கு அனுப்பிய போர்க்காலத் தந்தியை ஓய்வுபெற்ற ஆசிரியர் ஒருவர் ஆராயும் சிறுகதையைப் பற்றிய கட்டுரை இது. “தந்தியின் மூன்று வரிகளும் அந்தச் சிப்பாய் தேடித் தேடி எழுதிய சொற்கள்” என்கிறார் கட்டுரையாளர். கதையில் அந்த ஆசிரியர் தந்தியில் முதலில் அவிழ்க்கும் ‘இஎஃப்எம்’ என்ற குறி இதற்கு இடம் கொடுக்கவில்லையே. அது எக்ஸ்பெடிஷனரி ஃபோர்ஸ் மெசேஜ். இரண்டாம் உலகப் போரில் கடல்கடந்து போன பிரிட்டிஷ், ஆஸ்திரேலியச் சிப்பாய்கள் மலிவு விலையில் வீட்டுக்கு அனுப்பிய தந்தி. வாக்கியங்கள் முன்பே அச்சிட்ட பட்டியலில் எண்ணிட்டு இருக்கும். அதில் அதிகபட்சம் மூன்றைத் தேர்ந்தெடுக்கலாம். கம்பியில் போவது எண்கள்தான். சேருமிடத்தில் ஊழியர் பட்டியலைப் பார்த்து அவற்றை வாக்கியமாக்கித் தட்டச்சு செய்வார். ஆகவே நடையை வைத்து ஆளை எடைபோட முடியாது. எந்த மூன்றை எடுத்தான், எதை விட்டான் என்று வேண்டுமானால் பார்க்கலாம். கதாசிரியர் அங்கே போயிருந்தால் இன்னும் ஆழமாக இருந்திருக்கும். மேலே பின்னூட்டத்தில் ஒரு நண்பர், தந்தியில் ஊர்ப்பெயர் இருக்க வேண்டிய இடத்தில் ‘சான்ஸ் ஒரிஜின்’, அதாவது பிரெஞ்சில் ‘புறப்பட்ட இடமின்றி’, என்றிருப்பதை அச்சுப்பிழை என்கிறார். பிழையில்லை, தணிக்கை. படை நிற்கும் இடம் தெரியக்கூடாதென்று புறப்பட்ட ஊரை மறைத்துவிடுவார்கள். அதனால் கதையில் வரும் ஓய்வுபெற்ற ஆசிரியர் தந்தியை மட்டும் வைத்து, அது புறப்பட்ட இடம் லிபியாவின் “டோப்ருக்” என்று அடித்துச் சொல்வதுதான் எனக்கு நம்பும்படி இல்லை. அஞ்சல் முத்திரையும் உதவாது, அது வந்துசேர்ந்த அலுவலகத்துடையது.