கையெழுத்துப் போட்டால் கதை முடிந்ததா?

“போலீஸ்கிட்ட ஒப்புக்கிட்டு கையெழுத்தும் போட்டுட்டான். அப்புறம் எதுக்கு விசாரணை?”

தவறு. அடிக்கும் மிரட்டலுக்கும் பயந்து நிரபராதியும் ஒப்புக்கொள்வார். அதனால்தான் போலீஸ் அதிகாரியிடம் சொன்ன ஒப்புதலை சொன்னவருக்கு எதிரான ஆதாரமாக்க 1872 சாட்சியச் சட்டத்தின் 25-வது பிரிவு தடை விதித்தது. இன்று அது பாரதிய சாட்சிய அதினியத்தின் 23-வது பிரிவு.

ஒரு விலக்கு உண்டு. “குத்திய கத்தியை வீட்டுக் கூரையில் ஒளித்திருக்கிறேன்” என்று காவலில் இருப்பவர் சொல்லி, கத்தியும் கிடைக்கிறது. ஒளித்த இடம் அவருக்குத் தெரியும் என்பது மட்டும் செல்லும். “குத்திய” என்பது செல்லாது. புளுகுரி கோட்டையா வழக்கில், பிரிட்டிஷ் ஆட்சியில் இறுதி மேல்முறையீட்டு மன்றமாக இருந்த பிரிவி கவுன்சில் காட்டிய உதாரணம் இது. அதுதான் கொலைக் கத்தி என்று போலீஸ் தனியாக நிரூபிக்க வேண்டும்.

மனமுவந்து ஒப்புக்கொள்பவர் மாஜிஸ்திரேட்டிடம் சொல்லலாம். “சொல்லக் கட்டாயமில்லை, சொன்னால் உங்களுக்கு எதிராகப் பயன்படலாம்” என்று எச்சரித்த பிறகே அவர் பதிவு செய்வார்.