நான் யாரையும் கரையேற்றவில்லை

சனிக்கிழமை எனக்கு நடந்த பிரிவு உபசார விழாவில் ஒருவர் என்னைப் பற்றிப் பேசியது உங்களில் பலருக்கு வீடியோவில் வந்திருக்கும். "தாராவிப் பிள்ளைகளைக் கரையேற்றிய தெய்வம்" என்றார். கைதட்டினீர்கள். எனக்கு முகம் சுருங்கிவிட்டது. நான் யாரையும் கரையேற்றவில்லை. அந்தப் பிள்ளைகள் எனக்குப் பாடம் நடத்தக் கற்றுக்கொடுத்தார்கள்.

"டீச்சர், பெருமையாத்தானே சொன்னாரு, விடுங்க" என்று மூன்று பேர் போனில் சொல்லிவிட்டார்கள். பெருமை எனக்கு. பிள்ளைகளுக்கு?

தமிழ்வழி மாநகராட்சிப் பள்ளியில் நான் சேர்ந்த புதிதில், நான்காம் வகுப்புப் பெண் ஒருத்தி 'பால்' என்பதை, இந்தியில் தலைமுடியைச் சொல்கிற மாதிரி, baal என்று வாசித்தாள். திருத்தினேன். "அப்போ தம்பியில மட்டும் ஏன் டீச்சர் அந்தச் சத்தம் வருது? எழுத்து ஒண்ணுதானே?" என்று கேட்டாள். திருநெல்வேலியில் வளர்ந்த எனக்கு அந்த வித்தியாசம் காதில் விழுந்ததே இல்லை. தெருவில் மராத்தியும் இந்தியும் பேசுகிற பிள்ளைக்குத்தான் அது கேட்கும். அங்கே க வரிசையில் நாலு எழுத்து, நம்மிடம் ஒன்று.

பதில் அதே வகுப்பிலிருந்து வந்தது. ஒரு பையன் தமிழ் நோட்டில் ஒவ்வொரு எழுத்துக்குக் கீழேயும் பென்சிலால் மராத்தி எழுத்தை எழுதி வைத்திருந்தான். 'கடல்', 'பக்கம்' இரண்டிலும் முதல் க, அதாவது ka. 'தங்கம்' வந்தால் மூன்றாவது க, அதாவது ga. 'பகல்' என்ற சொல்லில் மட்டும் அடித்து அடித்து எழுதியிருந்தான். சொல்லின் தொடக்கத்திலும் இரட்டிக்கும்போதும் அழுத்தம், ங் ம் மாதிரி மெல்லினத்துக்குப் பின்னால் அதிர்வு, இரண்டு உயிருக்கு நடுவில் தளர்வு. மொழியியல் நூல்களில் இருப்பதுதான். ஆனால் அதைப் பாடமாக எப்படி நடத்துவது என்று அந்த நோட்டுதான் காட்டியது. அதற்குப் பிறகு வந்த ஒவ்வொரு வகுப்புக்கும் அப்படித்தான் நடத்தினேன்.

'பஸ்', 'குரு' மாதிரி வேறு மொழியிலிருந்து வந்த சொற்களில் இந்த விதி உதவாது. அவற்றைக் கேட்டுத்தான் பழக வேண்டும். அப்புறம் ஒன்று: பாடத்தைக் கடகடவென்று ஒப்பிக்கிற பிள்ளைக்கு வாசிக்கத் தெரியும் என்று நம்பிவிடக் கூடாது. 'பாகற்காய்' என்று பலகையில் புதிதாக எழுதினால் திணறும். அங்கேதான் தெரியும்.

"ஆனாலும் நீங்க இல்லேன்னா" என்று யாராவது ஆரம்பிப்பீர்கள். சரி, நான் அங்கே இருந்தேன், உழைத்தேன், அதை மறுக்கவில்லை. ஆனால் விடியற்காலையில் அம்மாவோடு இட்லி விற்றுவிட்டு ஏழு மணி பள்ளி ஷிப்டுக்கு ஓடிவந்தது யார்? வீட்டில் மாடிப்படியில் உட்கார்ந்து எழுதியது யார்? அந்த மேடையில் அவர்களைப் பற்றி ஒரு வார்த்தை இல்லை. கரையேறியவர்கள் என்று சொல்லி நிறுத்திவிட்டார்கள். எதிரில் உட்கார்ந்திருந்த என் பழைய மாணவி தலை குனிந்ததை நான் பார்த்தேன். அவள் இன்று நர்ஸ். அதுதான் எனக்குத் தாங்கவில்லை.

பென்சிலால் எழுதிய பையா, 'பால்' கேட்ட பெண்ணே, உங்களுக்கு நன்றி. எத்தனையோ வகுப்புகள் உங்கள் கேள்வியிலும் உங்கள் நோட்டிலும்தான் வாசிக்கக் கற்றன. அந்த மேடையில் என்னிடம் மைக் கொடுத்தபோது இதைச் சொல்ல நேரம் இல்லை என்றார்கள். அதனால் இங்கே சொல்கிறேன்.