விதி வேறு, வினை வேறு

சித்தப்பா மகன் கட்டட வேலையில் சாரத்திலிருந்து விழுந்ததை ஞாயிற்றுக்கிழமை எழுதியிருந்தேன், படித்திருப்பீர்கள். ஆறுதல் சொன்ன எல்லோருக்கும் நன்றி. ஆனால் அதன் கீழே ஒருவர், அதுவும் எங்கள் சொந்தக்காரர், "அது அவன் கர்மா. விதியை யாரால் மாற்ற முடியும்?" என்று எழுதிவிட்டுப் போனார். மூன்று நாளாக அதையே திரும்பத் திரும்பப் பார்த்துக்கொண்டிருக்கிறேன்.

ஐயா, கர்மாவும் விதியும் ஒன்றல்ல. கர்மா என்றால் வினை, செய்கை. செய்தால் பலன் உண்டு, எனவே இன்று செய்வது நாளையைப் பாதிக்கும் என்பதுதான் அதன் அடிப்படை. நீங்கள் என்ன செய்தாலும் செய்யாவிட்டாலும் நடப்பதுதான் நடக்கும் என்பது விதிவாதம். நம் நாட்டில் அதை அப்படியே வெளிப்படையாகச் சொன்னவர்கள் புத்தர் காலத்துத் துறவிக் கூட்டமான ஆசீவகர்கள். அவர்களின் தலைவர் மக்கலி கோசாலர் அதை நியதி என்றார். உருட்டிவிட்ட நூல் உருண்டை நூல் தீரும்வரை பிரிந்துகொண்டே போவது போல, உயிரும் ஓடி முடிக்க வேண்டியதை ஓடித்தான் முடியும் என்பது அந்தக் கொள்கை. வினையை நம்பிய புத்தரும் மகாவீரரும் அதைக் கடுமையாக மறுத்தார்கள்.

சமணர்களின் உவாசகதசா நூலில் ஒரு கதை உண்டு. போலாசபுரத்தில் சத்தாலபுத்தன் என்று ஒரு குயவன், ஆசீவகன், ஊருக்கு வெளியே 500 பட்டறை வைத்திருந்தவன். ஒருநாள் அவன் பானைகளை வெயிலில் காய வைக்கும்போது மகாவீரர் கேட்கிறார்: "இவை எப்படி உருவாயின?" மண்ணைத் தண்ணீரில் பிசைந்து, சாம்பலும் சாணமும் கலந்து, சக்கரத்தில் ஏற்றியதைச் சொல்கிறான். "அப்படியானால் இவை முயற்சியால் ஆனவையா, முயற்சி இல்லாமல் ஆனவையா?" என்கிறார். தன் கொள்கையை விடாமல், "முயற்சி என்று ஒன்றில்லை, எல்லாம் முன்பே தீர்மானமானது" என்கிறான். "சரி, ஒருவன் வந்து உன் பானைகளைத் திருடினாலோ உடைத்தாலோ, உன் மனைவியிடம் தவறாக நடந்தாலோ என்ன செய்வாய்?" அடிப்பேன், கட்டி வைப்பேன், கொல்லவும் செய்வேன் என்கிறான். எல்லாம் தீர்மானமானது என்றால் அவனை எப்படித் தண்டிப்பாய் என்று கேட்டதும் குயவனிடம் பதில் இல்லை.

இந்தக் கதை எனக்கு ஏன் இவ்வளவு ஒட்டிக்கொண்டது தெரியுமா? தம்பி வேலை பார்த்த கட்டட முதலாளியும் ஆஸ்பத்திரி வாசலில் நின்று "எல்லாம் விதி தம்பி" என்றுதான் சொன்னார். போன வருஷம் இதே ஆள், சைட்டில் பத்து மூட்டை சிமெண்ட் காணாமல் போனபோது போலீஸ் ஸ்டேஷனுக்கு ஓடினார். சிமெண்ட் போனது விதி என்று அவர் சொல்லவில்லை. தம்பியின் இடுப்பெலும்பு மட்டும் விதி.

"வள்ளுவரே ஊழைவிட வலிமையானது எது என்று கேட்டிருக்கிறாரே" என்று வருவீர்கள். கேட்டிருக்கிறார், 380ஆவது குறள். அதே வள்ளுவர்தான் 620இல், சோராமல் தாமதிக்காமல் உழைப்பவர் ஊழையே புறமுதுகு காட்ட வைப்பார் என்கிறார். ஊழ் என்று ஒன்று உண்டு, மல்லுக்கு நிற்கவும் முடியும். நான் அப்படித்தான் படிக்கிறேன்.

"பிராரத்தத்தை, அதாவது பலன் தரத் தொடங்கிவிட்ட பழைய வினையை, அனுபவித்தே தீர வேண்டும்" என்பார் இன்னொருவர். சரி, வில்லிலிருந்து கிளம்பிவிட்ட அம்பு என்றே வைத்துக்கொள்வோம். ஆகாமியம் என்றும் ஒன்றைச் சொல்லியிருக்கிறார்களே, இப்போது நாம் செய்து சேர்ப்பது? அதை ஏன் யாரும் துக்க வீட்டில் பேசுவதில்லை?

இன்னொன்றும் கேளுங்கள். மனிதன் படும் துன்பமெல்லாம் பழைய வினையால்தானா என்று சீவகன் என்ற துறவி புத்தரிடம் கேட்டதாகப் பௌத்த நூலான சங்யுத்த நிகாயத்தில் வருகிறது. இல்லை என்றார் புத்தர். பித்தம், கபம், வாதம், மூன்றும் சேர்ந்த கோளாறு, பருவ மாற்றம், கவனக்குறைவு, அடிபடுதல் என்று ஏழு காரணங்களைச் சொல்லி, வினைப்பயனை எட்டாவதாகத்தான் வைத்தார். நீங்களோ அந்த ஏழு காரணங்களையும் தாண்டி நேராக எட்டாவதுக்கே போய்விட்டீர்கள். அவன் முற்பிறவியில் என்ன பாவம் செய்தான் என்று உங்களுக்கு எப்படித் தெரியும்? அவனைத் தொட்டிலில் ஆட்டியவன் நான், எனக்கே தெரியாது.

எனக்குத் தெரிந்தது இதுதான். மழையில் நனைந்து கயிறு இற்றுப்போயிருந்தது. காலையிலேயே தம்பி அதை மேஸ்திரியிடம் காட்டியிருக்கிறான். "இன்னிக்கு ஒருநாள் ஓட்டு" என்றார் அவர். மூன்றாவது மாடி, கைப்பிடிக் கம்பியும் இல்லை. இதில் எந்த வினை யாருடையது என்று நீங்களே சொல்லுங்கள்.

நேற்றுச் சாயங்காலம் கண் திறந்ததும் அவன் என்னிடம் கேட்ட முதல் கேள்வி, "அண்ணே, கயித்த மாத்திட்டாங்களா? அந்தச் சின்னப் பையன் அதுலதான் ஏறுவான்." இன்று காலை நானே சைட்டுக்குப் போய், பழைய கயிற்றை அறுத்துப் புதுக்கயிறு கட்டும்வரை அங்கேயே நின்றுவிட்டு வந்தேன்.