வெறும் தவாவைத் தீயில் காயவிட்டுவிட்டுப் பூச்சைக் குறை சொல்லாதீர்கள்

வாங்கி ஆறு மாதம்கூட ஆகவில்லை, அதற்குள் முட்டை ஒட்டுகிறது, நான்ஸ்டிக் என்பதே ஏமாற்று வேலை என்று புலம்புகிறவர்களிடம் எனக்கு ஒரே ஒரு கேள்விதான் இருக்கிறது. தவாவை அடுப்பில் வைத்ததும் நீங்கள் முதலில் செய்தது என்ன? தீயை முழுவதுமாகத் திறந்துவிட்டு, "நன்றாகக் காயட்டும்" என்று வெங்காயம் நறுக்கப் போனீர்கள் அல்லவா? ஏமாற்று வேலை தொடங்கிய இடம் அதுதான். இதை எங்கள் வீட்டிலும் உறவினர் வீடுகளிலும் சொல்லிச் சொல்லி எனக்கு வாய் வலிக்கிறது. சொன்ன மறுநாளே வெறும் தவா உச்சத் தீயில் உட்கார்ந்திருக்கிறது.

வழுவழுப்பான அந்தக் கரும்பூச்சு பெரும்பாலான தவாக்களில் பி.டி.எஃப்.இ. என்ற ஒருவகை பிளாஸ்டிக். ஆம், பிளாஸ்டிக்தான். 260 டிகிரி செல்சியஸ் வரை தொடர்ந்து தாங்கும் என்பதே அதற்குப் பொதுவாகச் சொல்லப்படும் வரம்பு. 327 டிகிரியில் அது உருகத் தொடங்கும். 350ஐத் தாண்டினால் அதன் மூலக்கூறுகளே உடைந்து, கண்ணுக்குத் தெரியாத புகையாக வெளியேறும். அந்தப் புகையைச் சுவாசித்தவர்களுக்குச் சில மணி நேரம் கழித்துக் குளிர் காய்ச்சல் போன்ற உடல் வலியும் நடுக்கமும் வருவதுண்டு. கூண்டில் வளர்க்கும் கிளிகளும் மற்றச் சிறு பறவைகளும் அதனால் இறந்தே போகின்றன. சமையலறைக்குப் பக்கத்தில் கிளிக்கூண்டு வைத்திருப்பவர்கள் இதைச் சாதாரணமாக எடுத்துக்கொள்ள வேண்டாம்.

260 டிகிரி என்றவுடன், அவ்வளவு சூடு வீட்டு அடுப்பில் எங்கே வரப்போகிறது என்று ஒரு கூட்டம் கிளம்பும். வரும். தாராளமாக வரும். தவாவின் உடல் பெரும்பாலும் மெல்லிய அலுமினியம். வெப்பத்தை விறுவிறுவென்று வாங்கிக்கொள்ளும் உலோகம் அது. உள்ளே உணவு இருக்கும்போது அதிலுள்ள நீர் ஆவியாகி வெப்பத்தைக் கொண்டுபோய்விடுவதால், தவாவின் சூடு கட்டுக்குள் நிற்கும். உள்ளே ஒன்றுமே இல்லையென்றால் அந்த வெப்பம் போவதற்கு இடமில்லை. உச்சத் தீயில் சில நிமிடங்களிலேயே வரம்பைத் தாண்டிவிடும். இன்டக்ஷன் அடுப்பில் அதிகபட்ச அளவை அழுத்தினால் அந்தச் சில நிமிடங்கள்கூடத் தேவைப்படாது.

அப்படித் தாண்டும்போது பூச்சு அன்றைக்கே உரிந்து கையில் வந்துவிடாது என்பதுதான் இதிலுள்ள சூழ்ச்சி. பூச்சு தலைமயிரைவிட மெல்லியது. சொரசொரப்பாக்கப்பட்ட அலுமினியத்தின் மேல் அடித்தளப் பூச்சு ஒன்று பிடித்துக்கொண்டிருக்க, அதன் மேல் அமர்ந்திருப்பது. சூடேறும்போது பி.டி.எஃப்.இ. அலுமினியத்தைப் போலப் பல மடங்கு விரிவடையும்; ஆறும்போது அதே அளவு சுருங்கும். ஒவ்வொரு தடவையும் இந்த இழுபறி நடக்கிறது. அளவான சூட்டில் பூச்சு சமாளித்துக்கொள்கிறது. அளவு மீறிய சூட்டில் மிருதுவாகி, பிடிப்பு தளர்ந்து, மயிரிழை வெடிப்புகள் விடுகிறது. அந்த வெடிப்புக்குள் எண்ணெய் புகுந்து கருகிய பிறகுதான் முட்டை ஒட்ட ஆரம்பிக்கிறது. கொதிக்கும் தவாவைக் குழாய்க்கு அடியில் நீட்டி "உஸ்ஸ்" என்று சத்தம் கேட்டு மகிழ்கிறவர்கள் இந்த வேலையை இன்னும் விரைவாக முடித்துத் தருகிறார்கள்; அடிப்பாகமும் வளைந்து, எண்ணெய் ஓரத்துக்கு ஓடுவது அவர்களுக்குக் கிடைக்கும் கூடுதல் பரிசு.

பழியைக் கரண்டியின் மேல் போடுகிறவர்களுக்கு: தவாவை வெளிச்சத்தில் சாய்த்துப் பாருங்கள். கரண்டி கீறியிருந்தால் கோடுகள் தெரியும். சூட்டில் கெட்டிருந்தால், தீ படும் இடத்துக்கு நேர் மேலே ஒரு வட்டம் மட்டும் மங்கிப் பழுப்பேறியிருக்கும். ஓரம் புதிதுபோல் பளபளக்கும். அந்த வட்டமே வாக்குமூலம். ஆனால் எல்லாப் பழுப்பும் பூச்சின் அழிவு அல்ல. பலமுறை அது வெறும் எண்ணெய்ப் படலம்; சூட்டில் இறுகி, தடவினால் பிசுபிசுவென்று விரலில் பிடிக்கும். தண்ணீரும் சமையல் சோடாவும் சேர்த்துச் சிறு தீயில் சில நிமிடம் கொதிக்கவிட்டு, ஆறிய பின் மென்மையான பஞ்சால் தேய்த்தால் பெரும்பாலும் போய்விடும். அதற்குப் பிறகும் முட்டை ஒட்டினால்தான் பூச்சு முடிந்தது என்று சொல்ல வேண்டும். உரிந்து வந்தால் தூக்கிப் போட்டுவிடுங்கள்.

இன்னொரு பித்தலாட்டமும் சுற்றுகிறது: தண்ணீர்த் துளியைத் தெளித்து, அது உருண்டு ஓடினால்தான் தவா தயார் என்பது. எவர்சில்வர் தவாவுக்கு அது நல்ல சோதனைதான், ஏனென்றால் 200 டிகிரிக்கு அருகில்தான் துளி அப்படி மிதந்து ஓடும். நான்ஸ்டிக்குக்கு அந்தச் சோதனை தேவையே இல்லை. முட்டைக்கு வேண்டியதைவிட அது மிக அதிகமான சூடு, வரம்புக்கு மிச்சம் இருப்பதோ கொஞ்சம்.

உண்மையான வெப்பமானி வெண்ணெய்தான். ஒரு முட்டை ஆம்லெட்டை எடுத்துக்கொள்ளுங்கள். ஆறிய தவாவில் முதலில் ஒரு தேக்கரண்டி வெண்ணெயைப் போட்டுவிட்டுப் பிறகு அடுப்பைப் பற்ற வையுங்கள். தீ, நடுத்தரத்துக்கும் சற்றுக் கீழே. வெண்ணெய் உருகி நுரைக்கும். அந்த நுரை அதிலுள்ள நீர் ஆவியாவதால் வருவது. அப்படியானால் சூடு 100ஐச் சுற்றித்தான் நிற்கிறது. நுரை அடங்கும் தறுவாயில் முட்டையை ஊற்றுங்கள். முட்டை இறுகுவதற்கு 80 டிகிரிகூடத் தேவையில்லை. வெண்ணெய் பழுப்பேறினால் தீயைக் குறைக்க வேண்டும் என்று பொருள். புகைந்தால் அடுப்பை அணைத்துவிடுங்கள். இவ்வளவுக்குப் பிறகும் நீங்கள் 260இன் பக்கமே போயிருக்க மாட்டீர்கள்.

ஆக, இந்தத் தவா எதற்கு? முட்டை, தோல் எளிதில் பிய்யும் மீன் துண்டு, மெல்லியதாக ஊற்றிச் சுடும் மாவுப் பண்டங்கள், உருகி ஒட்டும் பாலாடைக்கட்டி. சுருக்கமாகச் சொன்னால், ஒட்டுவதில் பிடிவாதமும் வேகுவதில் அவசரமும் உள்ள உணவுகள். தடித்த இறைச்சித் துண்டின் மேற்புறத்தை முறுகலாகச் சிவக்க வைக்க வேண்டுமென்றால் இரும்பையோ எவர்சில்வரையோ எடுங்கள். அதற்கு வேண்டிய கடுஞ்சூடும் இங்கே ஆபத்து. பாத்திரத்தின் அடியில் பிடித்து குழம்புக்குச் சுவை தரும் அந்தப் பழுப்புப் படிவும் எதுவும் ஒட்டாத தவாவில் உருவாகாது. மசாலாவை வெறும் தவாவில் வறுப்பதையும் தயவுசெய்து நிறுத்துங்கள். ஓரிரு கரண்டி உலர்ந்த விதைகளால் அந்தச் சூட்டை அடக்க முடியாது. நான்ஸ்டிக் தவாக்கள் மிக விரைவில் கெட்டுப்போவதற்கு என் கணக்கில் முதல் காரணமே இதுதான்.

பெட்டியின் மேல் உச்சத் தீயில் தவாவைத் தூக்கிப் பிடித்திருக்கும் சமையல்காரரின் படத்தைப் பெரிதாக அச்சிட்டு, "மிதமான தீயில் மட்டும்" என்பதைப் பூதக்கண்ணாடி வைத்துத் தேடும் அளவில் பின்பக்கம் ஒளித்து வைக்கும் தயாரிப்பாளர்களும் இதில் குறைந்த குற்றவாளிகள் அல்லர். பழைய தவாவை விட்டெறிந்துவிட்டுப் புதிதாக வாங்கப் போகிறீர்களா? முதலில் அந்தப் பின்பக்கத்தைப் படியுங்கள். பிறகு பணத்தை நீட்டுங்கள்.