அழித்தாயிற்று என்று எப்போது சொல்லலாம்?

"உங்கள் கணக்கு நிரந்தரமாக நீக்கப்பட்டது" என்று உடனே பதில் அனுப்பும் நிறுவனங்கள் பெரும்பாலும் உண்மையைச் சொல்வதில்லை. டேட்டாபேஸில் இருந்த ஒரு வரிதான் போயிருக்கும். பேக்கப்பில் அந்த ஆள் முழுசாக இருப்பார்.

ஐரோப்பாவின் தகவல் பாதுகாப்புச் சட்டமான ஜிடிபிஆர் 2018 மே 25 முதல் நடைமுறையில் இருக்கிறது. அதன் 17-வது பிரிவு, தன்னைப் பற்றிய தகவலை அழிக்கச் சொல்லும் உரிமையைத் தருகிறது. கோரிக்கைக்கு ஒரு மாதத்துக்குள் பதில் சொல்ல வேண்டும். சிக்கலானதென்றால் இன்னும் இரண்டு மாதம் நீட்டிக்கலாம். பேக்கப்புக்கென்று அந்தப் பிரிவில் தனி விலக்கு எதுவும் எழுதப்படவில்லை.

பேக்கப்பைத் திறந்து ஒரே ஒருவரை மட்டும் எடுத்துவிட்டால் என்ன என்று கேட்கலாம். பேக்கப் என்பது சுருக்கி, பூட்டி, ஏதாவது மாறினால் காட்டிக்கொடுக்கும் செக்சம் போட்டு வைத்த ஒரே கட்டு. நடுவில் ஒரு வரியை மாற்ற வேண்டுமென்றால் மொத்தத்தையும் விரித்து, திருத்தி, திரும்பக் கட்ட வேண்டும். அப்படிக் கட்டியது ஆபத்தில் கைகொடுக்குமா என்பது ரீஸ்டோர் செய்து பார்க்கும்வரை தெரியாது. ரான்சம்வேருக்குப் பயந்து, குறித்த நாள்வரை யாருமே மாற்ற முடியாதபடி பூட்டியும் வைக்கிறார்கள். பேக்கப்பைக் காப்பாற்றும் அதே பூட்டு அழிப்பையும் தடுக்கிறது.

அதனால் நடைமுறையில் செய்யக்கூடியது, பேக்கப் காலாவதியாகும்வரை காத்திருப்பது. அந்தக் கணக்கிலேயே பலர் தப்பு விடுகிறார்கள். ஞாயிறுதோறும் முழு பேக்கப், மற்ற நாட்களில் மாறியதை மட்டும் எடுக்கும் இன்க்ரிமென்டல், எல்லாவற்றுக்கும் 35 நாள் ஆயுள் என்று வைத்துக்கொள்வோம். பேக்கப் ஓடுவது அதிகாலை 2 மணிக்கு. ஒருவரின் தகவலை மார்ச் 3, செவ்வாய் காலை 10 மணிக்கு அழிக்கிறோம். அவர் இருக்கும் கடைசி பேக்கப் அன்று அதிகாலை எடுத்தது. அதோடு 35 நாள் கூட்டினால் ஏப்ரல் 7. ஆனால் மார்ச் 1 ஞாயிறு எடுத்த முழு பேக்கப்பிலும் அவர் இருக்கிறார். மார்ச் 7 சனிக்கிழமையின் இன்க்ரிமென்டல் அதன்மேல்தான் நிற்கிறது. அது ஏப்ரல் 11-இல் காலாவதியாகும்வரை அடியில் இருப்பதைத் தூக்க முடியாது. ஆகவே சரியான தேதி ஏப்ரல் 11.

இடையில் ரீஸ்டோர் நடந்தால்தான் உண்மையான ஆபத்து. மார்ச் 6-இல் ஒரு தப்பான ஸ்கிரிப்ட் டேபிள்களைக் கெடுத்துவிடுகிறது. மார்ச் 3 அதிகாலை நிலைக்குத் திரும்பினால்தான் சரியாகும் என்று முடிவாகிறது. அந்த நேரத்தில் அழிப்பு நடந்திருக்கவே இல்லை. அழித்த ஆள் சத்தமில்லாமல் உயிர்த்தெழுகிறார், அடுத்த வாரம் அவருக்கு விளம்பர மெயில் போகிறது. எந்த எரரும் வராது. அவர் புகார் எழுதும்போதுதான் விஷயம் தெரியும்.

இதற்கு மருந்து, அழிக்கப்பட்டவர்களுக்கென்று ஒரு தனிப் பட்டியல். அது அதே டேட்டாபேஸில் இருக்கக்கூடாது. இருந்தால் அதுவும் மார்ச் 3-க்குப் போய்விடும். மெயில் முகவரியை அதில் எழுதினால் அழித்ததையே திரும்பச் சேமித்ததாகும். உள் அடையாள எண்ணும் அழித்த தேதியும் போதும். நீளமான பேக்கப் ஆயுளுக்குமேல் சில வாரம் வைத்திருந்து அதையும் நீக்கிவிடலாம். ரீஸ்டோர் ஆனதும் வெளித் தொடர்பைத் திறக்காமல், மெயில் அனுப்பும் வேலைகளை ஓடவிடாமல், அந்தப் பட்டியலை `erased` என்று ஏற்றி, போஸ்ட்கிரெஸ் என்றால் இதை ஓட்ட வேண்டும்:

```sql
DELETE FROM users u USING erased e
WHERE u.id = e.user_id;

SELECT count(*) FROM users u
JOIN erased e ON u.id = e.user_id;
```

இரண்டாவது 0 என்று வந்தபிறகு, அந்த ஆளின் தகவல் இருக்கும் மற்ற டேபிள்களுக்கும் இதையே செய்துவிட்டுத்தான் திறக்க வேண்டும்.

இங்கே ஒரு குழி இருக்கிறது, கவனியுங்கள். அடையாள எண் 1, 2, 3 என்று வரிசையாகக் கூடுவதாக இருந்தால், ரீஸ்டோரில் அந்த எண்ணைத் தரும் கவுன்டரும் பின்னால் போகும். மார்ச் 4-இல் சேர்ந்து 5-இல் அழிக்கச் சொன்னவரின் எண், ரீஸ்டோருக்குப் பிறகு சேரும் வேறொருவருக்குக் கிடைக்கலாம். அடுத்த முறை பட்டியலை ஓட்டினால் சம்பந்தமே இல்லாதவர் அழிந்துபோவார். யூயூஐடி மாதிரி திரும்ப வராத எண்ணைத்தான் பயன்படுத்த வேண்டும்.

லாக் இன்னும் மோசம், ஏனென்றால் ஒருவர் எங்கெல்லாம் எழுதப்பட்டிருக்கிறார் என்றே தெரியாது. `/reset?email=...` என்று ஒரு லிங்க் இருந்தால் போதும், அந்த மெயில் வெப் சர்வரின் லாக்கில், லோட் பேலன்சரின் லாக்கில், எரர் சேகரிக்கும் சேவையில் என்று பரவிவிடும். பிறகு தேடி அழிப்பது வீண் முயற்சி. மெயிலை லிங்கில் வைக்காமல், லாக்கில் உள் எண்ணை மட்டும் எழுதி, 30 நாளில் லாக் தானாகப் போகும்படி அமைப்பதே வழி. "எதற்கும் இருக்கட்டும்" என்று வருடக்கணக்கில் லாக் சேர்ப்பதை நான் ஒருபோதும் ஏற்கமாட்டேன்.

பிரிட்டனின் தகவல் ஆணையர் அலுவலகம், உடனே அழிக்க முடியாத பேக்கப்பை வேறு எதற்கும் பயன்படுத்தாமல் ஒதுக்கி வைக்கவும், அதில் என்ன ஆகும் என்பதைக் கேட்டவரிடம் தெளிவாகச் சொல்லவும் சொல்கிறது. ஆகவே மேலே சொன்ன ஆளுக்குப் போகவேண்டிய பதில் இது: "இயங்கும் சிஸ்டத்திலிருந்து மார்ச் 3-இல் அழித்துவிட்டோம். பேக்கப்பில் ஏப்ரல் 11 வரை இருக்கும். அதுவரை யாரும் அதைப் பயன்படுத்த மாட்டார்கள். அதற்குள் ரீஸ்டோர் செய்ய நேர்ந்தால், சேவையைத் திறக்கும் முன்பே மீண்டும் அழிப்போம்."